கிண்ணத்துக்குள் ஓர் இருண்ட வட்டம்

தட்டையான அடிப்பாகம் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. அதன் உள்ளே, அடியில் படிந்தாற்போல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. அதன்மேல் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். விளக்கை அணைத்துவிட்டு, மேலிருந்து சிவப்பு லேசரைத் தகட்டின் மேல் அடித்தால் புள்ளி மட்டுமா தெரிகிறது? அந்தப் புள்ளியை நடுவில் வைத்து, சுமார் 9 சென்டிமீட்டர் விட்டத்தில் இருண்ட வட்டம் ஒன்றும் தெரிகிறது. வட்டத்தின் விளிம்பில் பளிச்சென்று தொடங்கும் சிவப்பு ஒளி, வெளியே போகப் போக மங்குகிறது. தண்ணீருக்குப் பதில் அதே உயரத்துக்குச் சர்க்கரைக் கரைசலை ஊற்றினால் வட்டம் சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்பதை அளந்தால் அந்தத் திரவத்தின் ஒளிவிலகல் எண் கையில் கிடைத்துவிடும்.

இந்த வட்டம் எங்கிருந்து வருகிறது? லேசர் ஒரே நேர்கோட்டில் இறங்கினாலும், வெள்ளைப் பரப்பில் பட்டதும் அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நேர் மேலே போகும் கதிர்கள் நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்குள் சென்றுவிடுகின்றன; மிகச் சிறு பங்குதான் கீழே திரும்புகிறது. சாய்ந்து போகும் கதிர்களின் கதை வேறு. செங்குத்திலிருந்து சுமார் 48.6 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வழியே கிடையாது. ஒளி முழுவதும் கீழே திரும்பித் தகட்டில் விழுகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் மாறுநிலைக் கோணமும் முழு அக எதிரொளிப்பும் இவைதான். ஒளி முழுதாகத் திரும்பத் தொடங்கும் இடம்தான் அந்த இருண்ட வட்டத்தின் விளிம்பு.

மாறுநிலைக் கோணத்தைக் கொண்டு ஒளிவிலகல் எண்ணை அளக்கும் வழியை 1802-லேயே ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் முப்பட்டகம் ஒன்றைக் கொண்டு காட்டினார். அடிப்பரப்பில் ஒரு புள்ளியை ஒளியூட்டி வளையத்தை அளக்கும் உத்தி, ஹைட்ரஜன் நிறமாலையின் ஒரு வரிசைக்குப் பெயர் தந்த அமெரிக்க இயற்பியலாளர் ஃபுண்டின் பெயரால் வழங்குகிறது. லேசர் வந்தபின் இது மிகவும் எளிதாகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள பிரகாசமான புள்ளிக்கு இன்று பேனா லேசரே போதும்.

இதில் கோணத்தை அளக்கும் வேலையே இல்லை. புள்ளியிலிருந்து கிளம்பிய கதிர் மேலே போய், திரும்பிக் கீழே விழும்போது ஆழத்தை இரண்டு முறை கடக்கிறது. ஆகவே ஆழம் h, வட்டத்தின் விட்டம் D என்றால், கோணக் கணக்கெல்லாம் சுருங்கி இப்படி முடிகிறது:

n = √(1 + 16h²/D²)

லேசர் கொஞ்சம் சாய்வாக விழுந்தாலும் பாதகமில்லை. சிதறும் புள்ளி இடம் மாறுமே தவிர, வட்டம் வட்டமாகவே இருக்கும்.

விட்டத்தை அளக்க, தகட்டின் மேலேயே அழியாத மையால் மில்லிமீட்டர்க் கோடுகள் போட்டுவிடுவது நல்லது. வட்டமும் கோடுகளும் ஒரே தளத்தில் இருப்பதால், மேலிருந்து தண்ணீர் வழியே பார்த்தாலும் அளவு பிசகாது. ஸ்கேலை நீருக்கு மேலே பிடித்துப் பார்த்தால் தலையை அசைக்க அசைக்க அளவு மாறும்.

உண்மையான தொல்லை ஆழத்தை அளப்பதில்தான் இருக்கிறது. ஸ்கேலை நீருக்குள் நட்டுப் பார்த்தால், தண்ணீர் அதன் மேல் சற்றே ஏறி நிற்கும். ஸ்கேலின் பூஜ்யமும் முனையிலிருந்து தள்ளி இருக்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். வட்டத்தின் விட்டம் 52 மி.மீ., ஸ்கேல் காட்டும் ஆழம் 11 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் 1.31 என்கிறது. தண்ணீருக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஆழத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிழைதான் இவ்வளவுக்கும் காரணம்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஆழத்தையே அளக்க வேண்டாம். ஆழம் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். செங்குத்தான சுவருள்ள, உள்விட்டம் 15 செ.மீ. கொண்ட பாத்திரத்தில் 100 மி.லி. ஊற்றினால் மட்டம் 5.66 மி.மீ. உயரும். முதலில் 52 மி.மீ. இருந்த வட்டம், 100 மி.லி. சேர்த்ததும் 78 ஆகிறது. இன்னொரு 100 சேர்த்ததும் 103.5 ஆகிறது. மட்டம் 11.32 மி.மீ. உயர, விட்டம் 51.5 மி.மீ. கூடியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் உயர்வுக்கு 4.55 மி.மீ. வளர்ச்சி. அந்த வளர்ச்சி வீதத்தை s என்று எழுதினால்,

n = √(1 + 16/s²)

விடை 1.332. தொடக்க ஆழத்தில் என்ன பிழை இருந்தாலும், இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது அது போய்விடுகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் ஏறி நிற்கும் நீரும் அப்படியே கழிந்துவிடும். வட்டம் பாத்திரத்தின் சுவரைத் தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாத்திரத்தில் 3 செ.மீ. ஆழம்தான் எல்லை.

வட்டமே தெரியவில்லை என்றால் தகடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலரும் வெள்ளைக் காகிதத்தைப் பாத்திரத்துக்கு வெளியே, அடியில் வைத்துவிடுகிறார்கள். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய காற்று இடைவெளி இருந்தால் வட்டம் வராது. காற்றிலிருந்து கண்ணாடி, தண்ணீர் என்று நுழைந்த கதிர் மறுபுறம் காற்றுக்குள் வெளியேறத் தடை ஏதுமில்லை. ஒளி சிதறும் பரப்பு திரவத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை நனைத்து ஒட்டினால் உடனே வட்டம் முளைப்பதைப் பார்க்கலாம்.

விளிம்பு கத்தி வெட்டியதுபோல் இருக்காது. புள்ளிக்கும் ஓர் அகலம் உண்டு என்பதால் விளிம்பும் அந்த அளவுக்குக் கலங்கித்தான் தெரியும். ஒளி சட்டென உச்சத்தைத் தொடும் இடத்தையே இரு பக்கமும் பிடித்து அளக்க வேண்டும். நிறமும் கணக்கில் வரும். புத்தக அட்டவணைகளில் தண்ணீருக்கு உள்ள 1.333, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு உரியது. சிவப்பு லேசருக்கு அது ஏறத்தாழ 1.331; பச்சைக்கு 1.335. இன்னொன்று, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் லேசர் கண்ணுக்குள் போகக்கூடும். லேசரை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு, அந்தப் பிரதிபலிப்புக் கதிர் செல்லும் வழியில் முகம் வராதபடி பக்கவாட்டில் நின்று பார்ப்பதே சரி.

எவ்வளவு நம்பலாம்? 100-க்கு 25 பங்கு சர்க்கரை உள்ள கரைசலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.37. அதே 200 மி.லி. ஊற்றும்போது வட்டம் 51.5-க்குப் பதில் 48 மி.மீ. அளவுக்குத்தான் வளரும். இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கடல்நீருக்கும் நல்ல தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமோ அரை மில்லிமீட்டரை ஒட்டியே வரும். ஸ்கேலையும் கண்ணையும் வைத்து அதைப் பிரித்தறிய முடியாது. கலங்கல் திரவம் என்றால் ஒளி வழியிலேயே சிதறி, விளிம்பே கரைந்துபோகும்.

கரும்பின் இனிப்பைப் பார்க்கும் பிரிக்ஸ் மீட்டர் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிப்பது முப்பட்டகத்தால்தான். அதன் முப்பட்டகம் சாற்றைவிட அதிக ஒளிவிலகல் எண் கொண்டது. சில சொட்டுச் சாற்றை மெல்லிய படலமாக மூடிக்கு அடியில் பரப்பினால், சாறும் முப்பட்டகமும் சந்திக்கும் பரப்பிலேயே மாறுநிலைக் கோணம் அமைந்துவிடுகிறது. ஒளி ஆழமான திரவத்துக்குள் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஆகவே ஆலையில் பிழிந்த கலங்கல் சாற்றிலும் அளவுகோலில் நீலமும் வெள்ளையும் பிரியும் கோட்டைப் படிக்க முடிகிறது.