மறைந்து ஓடும் கொந்தளிப்பு

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 22.6% சரிந்தது. மறுநாள் சந்தை எவ்வளவு ஆடும்? கார்ச் மாதிரி உடனே கணக்கிட்டுவிடும். சரிவின் வர்க்கத்தில் 10%, முந்தைய ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தில் 88% என்று வைத்துக் கூட்டினால், 2% இருந்த தினசரி ஏற்ற இறக்கம் ஒரே இரவில் சுமார் 7.4% ஆகிவிடும். விலை சொன்னதை அது அப்படியே நம்புகிறது.

வாய்ப்பியல் மாதிரியோ ஏற்ற இறக்கத்தை, தனக்கென அதிர்ச்சிகள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஓட்டமாகக் கொள்கிறது. சரிவில் கொந்தளிப்பின் பங்கு எவ்வளவு, அன்றைய தற்செயல் எவ்வளவு என்று பிரிக்க முயல்கிறது. அடுத்த நாள்களின் விலையைப் பார்த்து, பழைய மதிப்பீட்டையும் திருத்துகிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் மறைந்த பாதைகள் அனைத்தையும் கணக்கில் கூட்டியாக வேண்டும். அதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. மான்டி கார்லோ முறையில் கணினி ஆயிரக்கணக்கான பாதைகளை உருவாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.