ஒரு சதவீதம் பிசகினால் கியூ என்னாகும்?

1955-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாலன், கீ என்ற இருவர் வெளியிட்ட ஃபில்டர் சுற்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஒரே ஒரு ஆப்-ஆம்ப், விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்கள். சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு.

1000 ஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னலை வெட்டும் ஃபில்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெட்டும் இடத்தில் சிக்னல் எவ்வளவு மேலெழும் என்பதைச் சொல்லும் எண்தான் கியூ. கியூ 10 என்றால், தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதைப் போல 10 மடங்கு. சாலன்-கீ சுற்றில் இரண்டு ரெசிஸ்டரும் ஒன்றுபோல, இரண்டு கெப்பாசிட்டரும் ஒன்றுபோல இருந்தால் கணக்கு எளிது: 3-லிருந்து ஆம்ப்பின் பெருக்கத்தைக் கழித்து, மீதியால் 1-ஐ வகுக்க வேண்டும். கியூ 10 வேண்டுமானால் பெருக்கம் 2.9. அதற்கு 10 கிலோ ஓமும் 19 கிலோ ஓமும் போதும்.

சிக்கல் அந்த மீதியில்தான். அது வெறும் 0.1. கடையில் 19-க்குப் பதில் 19.1 கிலோ ஓம் கிடைத்தால் பெருக்கம் 2.91, கியூ உடனே 11.1. இரண்டும் 1 சதவீத ரெசிஸ்டர்களாக இருந்து எதிரெதிர்ப் பக்கம் விலகினால் கியூ 7.3-க்கு இறங்கலாம், 16.2-க்கும் ஏறலாம். தங்கநிறப் பட்டை போட்ட 5 சதவீத ரெசிஸ்டர்களில் மோசமான ஜோடி அமைந்தால் பெருக்கம் 3.1. அது 3-ஐத் தாண்டியதும் சுற்று ஃபில்டராக இருப்பதை விட்டு ஆஸிலேட்டர் ஆகிவிடும்: உள்ளே எதுவும் கொடுக்காமலே வெளியே அலை வரும்.

அதே சுற்றில் பெருக்கத்தை 1 என்று வைத்தால் இந்தப் பயம் இல்லை. ஆனால் இரு கெப்பாசிட்டர்களும் 400 மடங்கு வேறுபட வேண்டும். அப்படி ஒரு ஜோடியைத் தேடிப்பிடிப்பது எரிச்சலான வேலை.

மூன்று ஆப்-ஆம்ப் கேட்கும் டோ-தாமஸ் சுற்றில் கழித்தலே இல்லை. கியூவை ஒரு ரெசிஸ்டர் நேரடியாக நிர்ணயிக்கிறது; அது 1 சதவீதம் பிசகினால் கியூவும் 1 சதவீதம்தான் பிசகும். மற்ற பாகங்களின் பிழையில் பாதிதான் கியூவைத் தொடும். எல்லாமே 1 சதவீதப் பாகங்களாக இருந்து, அத்தனையும் ஒருசேரக் கெட்ட பக்கம் சாய்ந்தாலும் கியூ ஏறத்தாழ 9.6-க்கும் 10.4-க்கும் இடையிலேயே நிற்கும்.

அதற்காக இதைக் கண்ணைமூடி நம்பிவிட முடியாது. ஆப்-ஆம்ப்பின் வேகக்குறைவு மூன்று இடங்களில் சேர்ந்து கியூவை ஏற்றும். 1 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப்பில் 1000 ஹெர்ட்ஸுக்கு இந்த ஏற்றம் 4 சதவீதம் அளவுதான். அதே சுற்றை 10,000 ஹெர்ட்ஸுக்கு அமைத்தால் கியூ 10 கிட்டத்தட்ட 16.7 ஆகிவிடும். அங்கே வேகமான ஆப்-ஆம்ப்தான் மருந்து, துல்லியமான ரெசிஸ்டர் அல்ல.

கட்டிய சுற்றைச் சோதிப்பது எளிது. 50 ஹெர்ட்ஸிலும் 1000 ஹெர்ட்ஸிலும் ஒரே அளவு சிக்னல் கொடுத்து வெளியீட்டை அளந்து வகுத்தால் வருவது கியூ. ஆப்-ஆம்ப் உச்சத்தில் வெட்டுப்படாதபடி உள்ளீட்டைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கியூ 0.7 போதும் என்றால் சாலன்-கீயே நல்லது. அங்கே பெருக்கம் 1 சதவீதம் பிசகினால் கியூவும் 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நகரும். கியூ 10 வேண்டியவர்கள் கூடுதலாக இரண்டு ஆப்-ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம்.