புத்தகத்தில் ஒன்று, வங்கியில் இரண்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கதைக்காகக் கவிதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு வங்கி இருப்பை டேலியோடு ஒப்பிட்டாள். வங்கியில் ரூ. 8,46,500 குறைந்தது. நூல், சாயம், அட்டைப்பெட்டிக்காரர்கள் என 12 பேருக்கு அன்று அனுப்பிய மொத்தத் தொகையும் ரூபாய் பிசகாமல் அதுவேதான்.

வங்கிப் பட்டியலை இறக்கிப் பார்த்தாள். அதே 12 பேர், அதே தொகைகள், இரண்டு முறை. ஒவ்வொரு வரியிலும் யூ.டி.ஆர். எண் வேறு. எண் ஒன்றாக இருந்திருந்தால் பட்டியலில் வந்த பிழை என்று விட்டிருக்கலாம். வேறு வேறு என்றால் பணம் நிஜமாகவே இரண்டு முறை போயிருக்கிறது.

"அண்ணா, ஃபைலை ரெண்டு தடவை ஏத்துனீங்களா?"

"மொதல்ல சுத்திக்கிட்டே நின்னுச்சும்மா. அதே பேர்ல மறுபடி ஏத்துனா எடுக்கல, பேரை மாத்தி ஏத்துனேன்."

அந்த வங்கித் தளம் கோப்பின் பெயரைத்தான் சோதித்தது, உள்ளே இருப்பதை அல்ல. சுற்றிக்கொண்டே நின்ற முதல் கோப்பும் போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே இருந்த மேனேஜர் போனிலேயே இரண்டுக்கும் ஓ.டி.பி. போட்டுவிட்டார். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. மொத்தத்தைக்கூடப் பார்க்காமல் தரும் ஒப்புதல் வெறும் சடங்கு.

டேலி இதைக் காட்டிக்கொடுத்திருக்காது. அதில் பில் ஒன்று, பட்டுவாடா ஒன்று, எல்லாம் சுத்தம். தவறு வங்கியில் மட்டுமே இருந்தது.

முன்பெல்லாம் நெஃப்ட் மாலையோடு நின்றுவிடும். 2019 டிசம்பர் முதல் விடுமுறை பாராமல் இரவு பகலாக, அரை மணிக்கொரு தொகுப்பாக ஓடுகிறது. திங்கள்வரை பணம் வழியில் காத்திருக்காது. வங்கியும் பெற்றவரின் சம்மதமில்லாமல் பொதுவாகத் திரும்ப எடுக்காது. கவிதா வங்கிக்குப் புகாரை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, 12 பேரையும் யூ.டி.ஆர். எண்ணோடு கூப்பிட்டாள். பெரும்பாலானோர் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். சிக்கல், கம்பெனி வரவு செலவை முடித்துக்கொண்ட சாயக்காரரிடம்தான். கழிக்க அடுத்த பில் கிடையாது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. அதைக் குறிப்பிட்டு அவருக்குக் கடிதம் போனது.

"பணம் வந்ததும் எழுதிக்கலாம்மா" என்றார் மேனேஜர். கவிதா ஒப்பவில்லை. இரண்டாவது பட்டுவாடாவையும் அன்றைய தேதியிலேயே ஏற்றினாள். 12 கணக்குகளிலும் பற்று நின்றது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது இனி மறைய வழியில்லை.

கோப்பை ஏற்றும்போது திரை நின்றுவிட்டால், மறுபடி ஏற்றுமுன் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள்.