குறி ஏன் திரும்புகிறது?

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நோட்டில் −2x + 3 ≥ 9 என்ற அசமன்பாடு. கீழே ஸ்கேல் வைத்து வரைந்த எண்கோடு. அதில் −3-இன் மேல் நிரப்பிய வட்டம், அங்கிருந்து வலப்பக்கம் நீளும் அம்பு. கூடவே ஒரு கேள்வி: “−3 போட்டுப் பார்த்தேன் சித்தி, 9 சரியா வருதே. அப்புறம் ஏன் தப்பு?”

முதல் படியில் பிழை இல்லை. இரு பக்கமும் 3-ஐக் கழித்தால் −2x ≥ 6. அடுத்து −2-ஆல் வகுத்து x ≥ −3 என்று எழுதிவிட்டாள். −3 என்பது எல்லை மட்டுமே. அம்பு எந்தப் பக்கம் போனாலும் அந்த எண் பொருந்தத்தான் செய்யும். திசை தெரிய எல்லையைத் தாண்டிய ஓர் எண் வேண்டும். அவள் அம்பு போன வழியில் 0 இருக்கிறது. அதைப் போட்டால் இடப்பக்கம் 3 வரும். 3 எப்படி 9-ஐ விடப் பெரிதாகும்? −4-ஐப் போட்டால் 8 + 3 = 11, பொருந்துகிறது. ஆக விடை x ≤ −3. வட்டம் சரி, அம்பு இடப்பக்கம் போக வேண்டும்.

காரணத்தை அந்த போனிலேயே காட்டலாம் என்று தோன்றியது. நடுவில் 0 வைத்து ஓர் எண்கோடு வரைந்து, 2-லும் 5-லும் புள்ளி வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். போட்டோவைத் திருத்தும் இடத்தில் இடவலமாகப் புரட்டும் வசதி உண்டு. புரட்டியதும் 2-இன் புள்ளி −2 இருந்த இடத்துக்கும், 5-இன் புள்ளி −5 இருந்த இடத்துக்கும் போய்விட்டன. முன்பு வலப்பக்கம் நின்றது இப்போது இடப்பக்கம். எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரியது. எனவே 2 < 5 என்பது −2 > −5 ஆகிறது. −1-ஆல் பெருக்குவது இந்தப் புரட்டல்தான். −2-ஆல் பெருக்கினால் புரட்டியபின் தூரமும் இரட்டிப்பாகும், வகுத்தால் பாதியாகும். புரட்டல் மட்டும் மாறாது. ஒரே எண்ணைக் கூட்டும்போதோ எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகர்கின்றன, வரிசை குலையாது. அதனால் அங்கே குறி திரும்பாது.

புரட்டாமலும் இதே கணக்கைப் போடலாம். −2x-ஐ வலப்பக்கமும் 9-ஐ இடப்பக்கமும் கொண்டுபோனால் −6 ≥ 2x. 2-ஆல் வகுத்தால் −3 ≥ x. வலமிருந்து படித்தால் x ≤ −3, அதே விடை.

பெரிய வகுப்பு மாணவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 6/x > 2 என்ற கணக்கில் x-ஆல் பெருக்கி x < 3 என்று எழுதிவிடுவார்கள். −1-ஐப் போட்டால் −6 > 2 என்று வருகிறது, பொய். சரியான விடை 0-க்கும் 3-க்கும் இடைப்பட்ட எண்கள் மட்டுமே. x-ஆல் பெருக்கும் முன், அது மிகை எண்ணா குறை எண்ணா என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.