மில்லியும் மைக்ரோவும்: டிரான்சிஸ்டர் கணக்கில் நேரும் பிழைகள்

12 வோல்ட் மின்வழங்கி, 565 கிலோ ஓம் பேஸ் மின்தடை, 3 கிலோ ஓம் கலெக்டர் மின்தடை, β = 100 எனச் சிலிக்கான் என்பிஎன் டிரான்சிஸ்டர் கணக்கு ஒன்று. பேஸ்–எமிட்டர் சந்தியின் 0.7 வோல்ட்டைக் கழித்தால் எஞ்சுவது 11.3. அதை 565 கிலோ ஓமால் வகுத்தால் பேஸ் மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியர். கலெக்டர் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர். கலெக்டர்–எமிட்டர் மின்னழுத்தம் 12 − 6 = 6 வோல்ட்.

20 மைக்ரோவை 20 மில்லி என்று எழுதினால் கலெக்டர் மின்னோட்டம் 2 ஆம்பியராகி, விடை −5988 வோல்ட் என்று வரும். இந்தப் பிழை தானே காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பிழைதான் ஆபத்தானது. 0.7-ஐக் கழிக்காமல் கூட்டினால் 5.26 வோல்ட் கிடைக்கும். பார்வைக்குச் சரியான விடைபோலவே இருக்கும்.

விடைத்தாளில் சரிபார்க்க வேண்டியவை:

- கிலோவை 10³, மில்லியை 10⁻³, மைக்ரோவை 10⁻⁶ என மாற்றிய பிறகே பிரதியிட்டிருக்கிறதா?
- சுற்றை ஒரே திசையில் சுற்றிவந்து குறிகள் இடப்பட்டனவா?
- கலெக்டர் மின்னோட்டம் 12 ÷ 3 கிலோ ஓம், அதாவது 4 மில்லி ஆம்பியர் என்ற உச்சத்துக்குள் இருக்கிறதா?
- இறுதி விடையில் அலகு உண்டா?