வீட்டு முன்பணத்தில் பிடித்தம்: திரும்பக் கேட்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

பெங்களூரு போன்ற நகரங்களில் வாடகை வீட்டைக் காலி செய்வோருக்கும் உரிமையாளருக்கும் இடையே, முன்பணத்தில் செய்யப்படும் பிடித்தங்கள் தொடர்பாகத் தகராறு எழுவது வழக்கம். அத்தகைய சூழலில் வாடகைதாரர் அனுப்பும் முதல் கடிதம் எவ்வாறு அமைகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் மாதம் ரூ.25,000 வாடகைக்கு இரண்டு ஆண்டுகள் குடியிருந்த ஒருவர், ரூ.1,50,000 முன்பணம் செலுத்தியிருந்தார் எனக் கொள்வோம். மே 31-ஆம் தேதி அவர் சாவியை ஒப்படைத்தார். ஜூன் 12-ஆம் தேதி உரிமையாளர் அனுப்பிய பட்டியலில், பெயிண்டிங் ரூ.25,000, புதிய கீசர் ரூ.9,000, வீட்டைச் சுத்தம் செய்ய ரூ.4,000, மின் கட்டண நிலுவை ரூ.1,840, உடைந்த குளியலறைக் கண்ணாடி ரூ.1,200 என மொத்தம் ரூ.41,040 பிடித்தம் காட்டப்பட்டிருந்தது.

மொத்தப் பட்டியலையும் மறுப்பது இங்கு பெரும்பாலானோர் செய்யும் தவறாகும். மின் கட்டணமும் கண்ணாடியும் வாடகைதாரரின் பொறுப்பே. அந்த ரூ.3,040-ஐ ஒப்புக்கொண்டுவிட்டால், தகராறு ரூ.38,000 குறித்ததாக மட்டும் சுருங்கும். எஞ்சிய ரூ.1,08,960 குறித்து இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதால், அதை உடனடியாகக் கேட்கலாம்.

ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனிப் பதில்

பெயிண்டிங் செலவைப் பொறுத்தவரை ஒப்பந்தமே அடிப்படை. ஒரு மாத வாடகையை இதற்காகக் கழிப்பது பெங்களூருவில் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் மறுப்பது கடினம். எழுதப்படவில்லை எனில், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு கைகொடுக்கும். வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று கூறும் அப்பிரிவு, நியாயமான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்கு விலக்கு அளிக்கிறது. இரண்டு ஆண்டுகளில் சுவரின் நிறம் மங்குவது தேய்மானம். சுவரில் துளையிட்டுக் காரை பெயர்ந்திருந்தால் அது சேதம்.

கீசர் விவகாரத்தில் வாடகைதாரர் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பிலும், கீசர் பழுதுநீக்கத்தை வாடகைதாரரின் பொறுப்பிலும் வைக்கிறது. மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றினால்தான் இது நடைமுறைக்கு வரும் என்றாலும், நியாயமான அளவுகோலாக இதைச் சுட்டிக்காட்டலாம். எனவே பழுதுநீக்கச் செலவை ஏற்று, பழைய கீசருக்குப் பதிலாகப் புதியதன் முழு விலையைக் கேட்பதை மட்டும் மறுப்பதே பொருத்தமாக இருக்கும்.

சுத்தம் செய்யும் கட்டணத்தை மறுக்க, காலி செய்த நாளில் எடுத்த காணொளியே வலுவான சான்று.

கடிதத்தின் மாதிரி

"ஐயா, மே 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்து சாவியைத் தங்களிடம் ஒப்படைத்தேன். ஜூன் 12-ஆம் தேதியிட்ட தங்கள் பட்டியலில் மின் கட்டணம் ரூ.1,840, கண்ணாடி ரூ.1,200 ஆகியவற்றை ஏற்கிறேன். பெயிண்டிங் செலவு ஒப்பந்தத்தில் இல்லை; சுவர்களில் சேதமும் இல்லை. கீசரைப் பழுதுநீக்க ஆகும் செலவை ரசீதின்படி ஏற்கிறேன். புதிய கீசரின் விலையை ஏற்க இயலாது. வீடு சுத்தமாக ஒப்படைக்கப்பட்டதற்கான காணொளியை இணைத்துள்ளேன். தகராறு இல்லாத ரூ.1,08,960-ஐ ஏழு நாள்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். அத்தொகையைப் பெறுவதால், மீதமுள்ள ரூ.38,000 மீதான என் கோரிக்கையைக் கைவிட்டதாகாது. அதற்குரிய ரசீதுகளையும் அனுப்பி வைக்கவும்."

இதில் இறுதிக்கு முந்தைய வாக்கியம் முக்கியமானது. 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என எழுதிக் கொடுத்தாலோ கையெழுத்திட்டாலோ, மீதித் தொகையைக் கோருவது சிக்கலாகிவிடும்.

பதில் வராவிட்டால்

கடிதத்தை வாட்ஸ்அப்பில் மட்டுமன்றி மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்லது. செய்திகள் தானாக அழியும் வசதி வாட்ஸ்அப்பில் இயக்கத்தில் உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். கெடு முடிந்தும் பதில் இல்லையெனில், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பின்னர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். இத்தகைய பணக் கோரிக்கைக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் காலவரம்பு உண்டு.

எனினும், ரூ.38,000-க்காக வழக்குத் தொடர்ந்தால் செலவும் காலமும் அத்தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும். கீசர் பழுதுநீக்கத்தையும் பெயிண்டிங் செலவில் ஒரு பகுதியையும் ஏற்றுச் சமரசம் செய்துகொள்வது, பல நேரங்களில் வாடகைதாரருக்கே லாபமாக முடியும்.