ஐ.வி. என்ற எண் எங்கிருந்து வருகிறது?

நிஃப்டி ஆப்ஷன் செயினைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் எதிரே IV என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 11.5 என்றோ 13.4 என்றோ ஓர் எண். இம்ப்ளைட் வோலாட்டிலிட்டி, அதாவது இந்த ஆப்ஷனின் விலைக்குள் பொதிந்திருக்கும் ஆண்டு ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் அது. பக்கத்தில் இருக்கும் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. இந்த எண்ணை யாரும் ஏலம் கேட்பதில்லை. விலையிலிருந்து ஒரு நிரல் அதைத் தேடி எடுக்கிறது.

தேட வேண்டிய தேவை ஏன் வந்தது? ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973இல் வெளியிட்ட சூத்திரத்துக்கு ஐந்து தகவல்கள் போதும்: குறியீட்டின் இப்போதைய மதிப்பு, ஸ்டிரைக், எக்ஸ்பைரிக்கு உள்ள காலம், வட்டி, ஏற்ற இறக்கம். கொடுத்தால் ஆப்ஷனின் விலை வந்துவிடும். இவற்றில் முதல் நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவதான சிக்மா மட்டும் தெரியாது. ஆனால் விலை தெரியும். அப்படியானால் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு சிக்மாவை எடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சிக்மா அந்தச் சூத்திரத்தில் இயல்நிலைப் பரவலுக்குள் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது; அதைத் தனியே பிரித்து ‘சிக்மா = இவ்வளவு’ என்று எளிய கோவையாக எழுத வழியில்லை. ஒரே நல்ல செய்தி, சிக்மா ஏறினால் விலையும் ஏறும், ஒருபோதும் இறங்காது. அதனால் விடை இருந்தால் அது ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நிஃப்டி 25,000. அதே 25,000 ஸ்டிரைக்கில் ஒரு கால் ஆப்ஷன், எக்ஸ்பைரிக்கு 30 நாள், வட்டி 6.5 சதவீதம், சந்தையில் விலை 400 ரூபாய். சிக்மா 20 சதவீதம் என்று ஊகித்துச் சூத்திரத்தில் போட்டால் விலை சுமார் 639 ரூபாய் வருகிறது. 239 ரூபாய் அதிகம். சிக்மாவைக் குறைக்க வேண்டும், ஆனால் எவ்வளவு? இங்கேதான் நியூட்டன் முறை உதவுகிறது. சிக்மா ஒரு சதவீதம் மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதற்குப் பெயர் வேகா. இந்த இடத்தில் அது சுமார் 28.4 ரூபாய். துல்லியமாக, 239.3ஐ 28.38ஆல் வகுத்தால் 8.43. ஆக, அடுத்த ஊகம் 11.57 சதவீதம். அதைப் போட்டால் விலை 400.7 ரூபாய். இன்னொரு முறை அதே திருத்தம் செய்தால் 11.54, விலை 400. இரண்டே அடியில் வேலை முடிந்தது.

இவ்வளவு சுலபமாக முடிவதால்தான் பலர் நியூட்டன் முறையை அப்படியே எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் ஓரத்து ஸ்டிரைக்குகளில் காத்திருக்கிறது. நிஃப்டி அதே 25,000. எக்ஸ்பைரிக்கு இரண்டே நாள். 26,500 கால் 2 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். இதன் சரியான ஐ.வி. 33 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் 20 சதவீதத்தில் தொடங்கினால், அங்கே சூத்திரம் தரும் விலை ஒரு பைசாகூட இல்லை, வேகாவும் ஏறக்குறைய பூஜ்யம். சின்ன எண்ணால் வகுப்பதால் அடுத்த ஊகம் 570 சதவீதத்துக்குத் தாவுகிறது. நல்லவேளை, அங்கிருந்து மெல்ல இறங்கி வந்து சேர்ந்துவிடும். 10 சதவீதத்தில் தொடங்கியிருந்தால் அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. ஒரே தாவலில் சிக்மாவின் மதிப்பு 5,000 கோடியைத் தாண்டும். அந்த உயரத்தில் கணினிக்கு வேகா அப்பட்டமான பூஜ்யம். அடுத்த வகுத்தலில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

இதற்கு மாற்று, விடையை இரண்டு எல்லைகளுக்குள் பூட்டிவைத்துத் தேடுவது. சிக்மா 0.1 சதவீதத்துக்கும் 500 சதவீதத்துக்கும் நடுவில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, நடுப்புள்ளியில் விலையைப் பார்த்து, விடை இல்லாத பாதியை வெட்டி எறிந்துகொண்டே போகலாம். 16 வெட்டுக்குள் நூற்றில் ஒரு சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். நியூட்டனைவிட மெதுவானதுதான், ஆனால் தடம் புரளாது. ரிச்சர்ட் பிரென்ட் 1973இல் தன் நூலில் தந்த முறை, இந்தப் பூட்டையும் விரைவான தாவலையும் சேர்த்துக் கையாள்கிறது. பைத்தானில் அது தயாராகவே இருக்கிறது:

```python
from math import log, sqrt, exp
from scipy.stats import norm
from scipy.optimize import brentq

def call(S, K, T, r, s):
    d1 = (log(S/K) + (r + s*s/2)*T) / (s*sqrt(T))
    d2 = d1 - s*sqrt(T)
    return S*norm.cdf(d1) - K*exp(-r*T)*norm.cdf(d2)

def gap(s):
    return call(25000, 25000, 30/365, 0.065, s) - 400

print(brentq(gap, 0.001, 5))
```

இயக்கினால் 0.1154 என்று தொடங்கும் விடை வரும். லட்சக்கணக்கான ஆப்ஷன்களை நொடிக்கு நொடி கணக்கிடும் நிறுவனங்களுக்கு இந்த வேகம் போதாது. அவர்கள் பீட்டர் யேக்கல் போன்றவர்கள் வகுத்த நுட்பமான முறைகளுக்குப் போவார்கள். நமக்கு இதுவே தாராளம்.

சில சமயம் brentq, `f(a) and f(b) must have different signs` என்று சொல்லி மறுத்துவிடும். நிரலைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் குற்றம் விலையில்தான். மேலே உள்ள 30 நாள் கணக்கில் 24,000 கால் 1,128 ரூபாய்க்குக் கீழே போக முடியாது. ஏற்ற இறக்கமே இல்லை என்றாலும் அதன் மதிப்பு அவ்வளவு. கட்டத்தில் 1,100 என்று இருந்தால், அது எப்போதோ நடந்த கடைசி வர்த்தகத்தின் விலையாக இருக்கக்கூடும். நிஃப்டி அதற்குப் பிறகு நகர்ந்திருக்கும், அந்த ஆப்ஷனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கடைசி விலைக்குப் பதில், வாங்க விற்கக் கேட்கும் விலைகளின் நடுவை எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பிழை காட்டி நிற்பதைவிட ஆபத்தானது, அமைதியாகத் தவறான எண்ணைத் தருவது. அதே 25,000 ஸ்டிரைக்கின் புட் ஆப்ஷன் 320 ரூபாய் என்று கொள்ளுங்கள். அதன் ஐ.வி.யைக் கண்டுபிடித்தால் 13.4 வருகிறது. காலுக்கு 11.5, புட்டுக்கு 13.4. நிஃப்டி ஆப்ஷன்கள் எக்ஸ்பைரி அன்று மட்டுமே செயல்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை; ஒரே ஸ்டிரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டுக்கும் ஐ.வி. ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தேடல் முறையில் தவறில்லை, ஊட்டிய தகவலில்தான் தவறு. 25,000க்கு 30 நாள் வட்டியைக் கூட்டி, எக்ஸ்பைரிக்கான நிஃப்டி 25,134 என்று சூத்திரம் நினைத்துக்கொண்டது. சந்தை அப்படி நினைக்கவில்லை. காலுக்கும் புட்டுக்கும் உள்ள வித்தியாசம் 80 ரூபாய்தான். அதன்படி எக்ஸ்பைரிக்கான மதிப்பு 25,080. இடையில் நிறுவனங்கள் தரும் டிவிடெண்டால் இப்படிக் குறையலாம், ஃபியூச்சர்ஸ் சந்தையின் மனநிலையாலும் குறையலாம். 25,080ஐ வைத்துக் கணக்கிட்டால் கால், புட் இரண்டுமே 12.6 சதவீதத்தில் வந்து சேர்கின்றன.

காலின் ஐ.வி. குறைவு, அதனால் அது மலிவு என்று 11.5ஐப் பார்த்து வாங்கியவர், இல்லாத மலிவுக்குப் பணம் கட்டியிருப்பார். உங்கள் செயலியிலோ இணையதளத்திலோ ஒரே ஸ்டிரைக்கின் கால், புட் ஐ.வி.க்கள் தொடர்ந்து விலகியே இருந்தால், அந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃபியூச்சர்ஸ் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.